மறுத்தலும் இடித்துரைத்தலும்

உடன்கற்கும் ஒருவர் பரீட்சை விடையையோ எழுதிமுடித்த ஒப்படையையோ தருமாறு வேண்டுமிடத்து, அதனைக் கொடுத்தல் தகாது என்பதில் அறம் பற்றிச் சிந்திப்போரிடையே பெரும் கருத்து வேறுபாடு இருப்பதற்கில்லை. கொடாதவிடத்து எவ்வாறு மறுப்பது என்பதே ஆராயத்தக்க வினாவாகும். மறுப்போர் பெரும்பாலும் இரு வழிகளுள் ஒன்றை மேற்கொள்வர். ஒருசாரார் பொய்க்காரணம் கூறி நழுவுவர். மற்றொருசாரார் நேர்மை பற்றிய உபதேசத்துடன் மறுப்பர். இவ்விரண்டும் பிழையானவையே. எனினும் இரண்டாவது வழி அறத்தின் சாயலை உடையதாதலின், அதன்கண் உள்ள பிழை எளிதிற் புலப்படுவதில்லை. ஆதலின் அதுவே இங்கு விரிவாக நோக்கப்படுகின்றது.

பொதுப்படப் பேசுவதிலும் ஓர் எடுத்துக்காட்டை முன்வைத்து நோக்குதல் பயன்தரும். தலவாக்கலையிலிருந்து லிந்துலை, அக்கரப்பத்தனை ஆகியவற்றைக் கடந்து, ஹோர்ட்டன் சமவெளியின் அடிவாரப் பக்கமாகச் சென்றால் டயகம தோட்டங்களை அடையலாம். அங்கிருந்து பல்கலைக்கழகமொன்றின் கலைப்பீடத்துக்குத் தெரிவாகிய இரு மாணவியரைக் கற்பனை செய்துகொள்வோம். இருவரும் ஒரே பஸ்ஸில் வந்தவர்கள். ஒரே விடுதியில் தங்கியிருப்பவர்கள். இருவர் வீட்டுக்கும் இடையே லயத்தின் ஒற்றைச் சுவரே உள்ளது. முதலாண்டு மாணவர் தத்தம் ஊரின் தொழிலொன்றை நேரிற் கண்டு ஆறு பக்கக் களக்குறிப்பு எழுத வேண்டும் என்பது அவர்களுக்கு இடப்பட்ட ஒப்படை. மறுநாட்காலை ஒன்பது மணிக்கு அதனை ஒப்படைத்தாக வேண்டும். ஒருத்தி, விடுமுறையில் மூன்று கொழுந்துக்காரிகளின் நிறுவைக் கணக்கை மூன்று நாட்கள் குறித்துவந்து எழுதி முடித்துவிட்டாள். மற்றவளின் தாய் நோயுற்றமையால் அவள் ஒரு கிழமை ஊரிலே தங்கி, அன்று மாலையே திரும்பியிருக்கிறாள். இரவு ஏழு மணிக்கு அவள் தோழியின் அறைக்குத் தனியே வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்கிறாள்: "ஒன்னுதக் கொஞ்சம் குடேன்டி. அப்படியே எழுத மாட்டேன், மாத்தி எழுதிக்கிறேன்."

இவ்வேண்டுகோள் எங்கிருந்து பிறக்கின்றது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும். மலையகத் தோட்டத்திற் கொழுந்து பறிப்பவருக்கு ஒரு நாளைய முழுச் சம்பளம் கிடைப்பதற்குக் குறிப்பிட்ட நிறை கொழுந்தை நிறுத்துக் கொடுத்தாதல் வேண்டும். அதனைத் தோட்டத்தார் 'பேர்' என்பர். நிறை தோட்டத்துக்குத் தோட்டமும் பருவத்துக்குப் பருவமும் வேறுபடும். 18 கிலோ என்று கொண்டால், 13 கிலோ மட்டுமே பறித்தவளுக்கு அரைப்பேர்தான் விழக்கூடும். கவ்வாத்து முதலிய கணக்கு வேலையை மதியத்தோடு முடித்துக்கொண்ட கணவன், பிற்பகலில் மனைவியின் நிரையில் நின்று பறித்து அவளுடைய பேரை நிரப்பிக்கொடுப்பது மலைகளிற் காணப்படும் வழக்கமே. அக்கொழுந்து எவருடைய கையாற் பறிக்கப்பட்டது என்பதைத் தராசு கேட்பதில்லை. தொழிற்சாலைக்கும் அது வேண்டியதில்லை. 18 கிலோ கொழுந்து உண்மையாகவே ஆலைக்கு வந்துவிட்டது. அதிலிருந்து உண்மையாகவே தேயிலை கிடைக்கும். குறைந்தவளின் கூடையை நிறைந்த கை நிரப்புதல் அங்குக் களவன்று. அது வாழ்க்கையின் ஒழுங்கு.

இவ்வொழுங்கினுள் வளர்ந்தவள் தோழியிடம் ஒப்படையைக் கேட்குங்கால், தான் நிரம்பாத கூடையுடன் நிற்பதாகவே உணர்கின்றாள். அவளது பிழை குணக்கேட்டிலிருந்து பிறந்ததன்று. ஓரிடத்துக்குரிய நல்லறத்தை அது பொருந்தாத மற்றோரிடத்துக்குக் கொண்டுவந்தமையே அவளது பிழை. கொழுந்தில் வேண்டப்படுவது பொருள். விடைத்தாளிலோ பொருளுக்கென்று ஒரு பயனும் இல்லை. ஆயிரம் பேர் எழுதிய விடைகளைத் திருத்தி முடித்தபின் அத்தாள்களை எவரும் வாசிப்பதில்லை. இன்னாருடைய கை இதனைச் செய்யவல்லது என்று சாட்சி கூறுதல் ஒன்றே அவற்றின் பயன். பிறர் கையால் நிரம்பிய கூடை நிரம்பிய கூடையே. பிறர் கையால் நிரம்பிய விடைத்தாளோ வெறுந்தாள்.

இவ்வேறுபாடு தெளிவானால், உபதேசம் ஏன் குறிதவறுகின்றது என்பதும் தெளிவாகும். "நேர்மையாக இருக்கக் கற்றுக்கொள்" என்று கூறுபவள், கேட்டவளிடம் நேர்மை இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறாள். கேட்டவளோ பகிர்ந்து வாழும் வழக்கத்தின் பெயராற் கேட்டவள். மேலும், அவள் செய்ய நினைப்பது விதிக்கு மாறானது என்பதை அவள் அறியாதவளல்லள். தனியே வந்ததும், குரல் தாழ்ந்ததும், கேளாமலே "அப்படியே எழுத மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்ததும் அவ்வறிவின் அடையாளங்களே. அறிந்ததையே அறிவிக்கும் உரையால் அறிவு வளர்வதில்லை. அது சொல்பவளை ஒரு படி உயர்த்திக் கேட்பவளை ஒரு படி தாழ்த்துவதோடு நின்றுவிடுகின்றது. துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி எனப் பலரும் மேலிருந்து புத்தி கூறக் கேட்டுப் பழகிய சமூகமொன்றின் பிள்ளைக்கு, அடுத்த லயத்தறைத் தோழியும் அவ்வரிசையிற் சேர்ந்துகொண்டாள் என்பதே அவ்வுரையின் பொருளாக எஞ்சும்.

ஜெர்மானிய மெய்யியலாளரான கான்ற் 1797இல் வெளியிட்ட ஒழுக்கங்களின் மெய்யியல் என்னும் நூலிற் செய்த பாகுபாடொன்று இங்கு நோக்கத்தக்கது. மனிதன் தனக்குக் கடமையாக ஏற்கத்தக்க குறிக்கோள்கள் இரண்டென்பது அவர் கொள்கை. அவை தன்னுடைய நிறைவும் பிறருடைய இன்பமுமாம். இவற்றை மாற்றிக்கொள்ள முடியாது என்றும் அவர் கருதினார். ஒருவருடைய நிறைவு என்பது அவர் தாமே தமது கடமைக் கருத்துக்கு ஏற்பத் தமக்குக் குறிக்கோளை வகுத்துக்கொள்ளும் ஆற்றலாதலின், அதனைப் பிறரொருவர் அவருக்காகச் செய்துவைத்தல் இயலாது. இக்கருத்தை விடுதியறைக்குக் கொண்டுவந்தால் மறுப்பவளின் அதிகார எல்லை புலனாகும். தன் தாளைக் கொடாதிருத்தல் அவளுடைய எல்லைக்குட்பட்டது. தோழியின் உள்ளத்தைத் திருத்துதல் அதற்கு அப்பாற்பட்டது. தோழியின் நலத்துக்காக உழைத்தலோ மீண்டும் அவளுடைய கடமைக்குள் வந்துவிடுகின்றது. உபதேசிப்பவள் தன்னுடையதல்லாத வேலையை மேற்கொண்டு, தன்னுடைய வேலையாகிய உதவியைக் கைவிடுகின்றாள் என்க.

இதற்கு ஓர் ஆட்சேபம் எழலாம். நகைத்து மகிழ்தல் மட்டும் நட்பன்று, நண்பர் எல்லை கடக்குமிடத்து முற்பட்டு இடித்துரைத்தலும் நட்பின் பணியே என்னும் கருத்தை வள்ளுவர் நட்பு அதிகாரத்தில் வைத்திருக்கின்றார். அவ்வாறாயின் உபதேசம் செய்யாது மறுப்பவர் நட்பின் கடனிலிருந்து தவறியவராகாரோ? இவ்வாட்சேபம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஆயினும் வள்ளுவர் இடித்துரைக்குமாறு பணிப்பது நண்பர் வரம்புகடந்த விடத்தாகும். இரந்து கேட்டவள் இன்னும் ஒன்றும் செய்துவிடவில்லை. தோழி மறுத்தவுடன் அவள் கடக்க நினைத்த எல்லை கடக்கப்படாமலே நின்றுவிடுகின்றது. இடித்துரைக்க வேண்டிய செயலே அங்கு நிகழவில்லை. அன்றியும், இடித்துரைப்பவர் அதனால் தாம் இழப்பதற்கு ஆயத்தமாக நிற்பவர். ஒப்படையைக் கையில் வைத்துக்கொண்டு, வெறுங்கையுடன் நிற்பவளுக்கு நேர்மை கூறுபவள் இழப்பது ஒன்றுமில்லை. வேண்டுநர் எளிய நிலையில் நிற்கும் அவ்வேளையே கண்டனத்துக்கு மிகப் பொருந்தாத வேளை.

வேளை பற்றிய இக்கருத்தைப் பௌத்த மரபும் வலியுறுத்துகின்றது. மச்சிம நிகாயத்தின் அபயராஜகுமார சூத்திரத்திலே புத்தர் சொல்லை மூன்று உரைகற்களில் உரைத்துப் பார்க்கின்றார்: அது உண்மையா, பயனுடையதா, கேட்போருக்கு உவப்பானதா என்பன அவை. உண்மையும் பயனும் உடையதாயினும் உவப்பில்லாத சொல்லை அவர் ஏற்ற காலம் அறிந்தே கூறுவார் என்பது அங்குப் பெறப்படும். ஒப்படை பற்றிய அறவுரை உண்மையாயிருக்கலாம். அந்த இரவு ஏழு மணிக்கு அதனாற் பயன் உண்டா என்பதே கேள்வி. எஞ்சியிருப்பவை பதினான்கு மணித்தியாலங்கள். அவற்றுள் உபதேசத்துக்கும் அதன்பின் வரும் மனக்கசப்புக்கும் செலவாகும் நேரம் எழுதுவதற்கு உரிய நேரமாகும்.

இனி, பொய்க்காரணம் கூறி நழுவுதலைச் சிறிது நோக்கலாம். "இன்னும் முடிக்கல, பத்து மணிக்கு வா" என்பது மென்மையான விடைபோலத் தோன்றும். அதனை நம்பிக் காத்திருப்பவள் மூன்று மணித்தியாலத்தை இழப்பாள். பத்து மணிக்கு மீண்டும் கேட்பாள். அப்போது வேறொரு பொய் வேண்டும். உபதேசம் அவளது மதிப்பைப் பறிக்கின்றது. பொய்க்காரணமோ அவளது நேரத்தைப் பறிக்கின்றது. ஆதலின் மறுப்பு முதற் சொல்லிலேயே, ஐயத்துக்கு இடமின்றி வருதல் வேண்டும்.

அவ்வாறு மறுக்கும் சொல் எத்தகையது? அது மறுப்பவளுடைய தாளைப் பற்றியதாயும் கேட்பவளுடைய குணத்தைப் பற்றாததாயும் இருத்தல் வேண்டும். "என்னுதக் குடுக்க மாட்டேன்டி. ஆனா நீ எழுது, முடியிற வரைக்கும் நான் ஒன்னோட இருக்கேன்" என்பது போதும். ஏன் என்று வினவப்பட்டால், தன்னைப் பற்றிய உண்மையான காரணம் ஒன்றைக் கூறலாம்: "மாட்டிக்கிட்டா ரெண்டு பேருக்கும் போயிடும், எனக்கு அது பயமா இருக்கு." அச்சமே காரணமாயின் அதனை அறமென்று அலங்கரித்தல் தானே ஒரு நேர்மையின்மை. ஒரு காரணத்துக்கு மேற் கூறுவதும் தக்கதன்று. காரணங்கள் பெருகப் பெருக மறுப்பு வழக்காடலாகும். வழக்காடலில் தோற்பவள் தன்னைக் குற்றவாளியாகவே உணர்வாள்.

அகப்பட்டுக்கொள்ளும் அச்சம் வெறுங்கற்பனையன்று. 'மாற்றி எழுதுதல்' சொற்களை மாற்றுமேயன்றித் தரவுகளை மாற்றாது. முதலாமவளின் குறிப்பில் ஒரு கொழுந்துக்காரி காலையில் 5 கிலோவும் மதியம் 6 கிலோவும் மாலையில் 4 கிலோவும் நிறுத்ததாக எழுதப்பட்டு, மொத்தம் 15 என்பதற்குப் பதிலாக 16 என்று தவறுதலாகக் கூட்டப்பட்டிருக்கிறது என்க. சரியான விடையில் இருவர் ஒத்திருத்தல் இயல்பு. உண்மை ஒன்றாதலின் யாவரும் அதிலே சென்று சேர்வர். தவறுகளோ ஒருவருக்கொருவர் வேறுபடும். ஆகவே இரண்டு தாள்களில் அதே வரியில் அதே 16 காணப்படுமாயின், திருத்துபவருக்கு வேறு சான்று வேண்டியதில்லை. எது மூலம், எது பிரதி என்பதை அத்தாள்களிலிருந்து அறிவதும் அரிது. கொடுத்தவளும் கொண்டவளும் ஒருங்கே விசாரணைக்கு உள்ளாவர். நாடளாவிய பரீட்சைகளிலும் பிறருக்கு உதவுதலும் பிறரிடம் உதவி பெறுதலும் ஒருங்கே விலக்கப்பட்டவையாம்.

மறுப்பவளின் உள்ளத்தில் இதனினும் ஆழமான காரணம் ஒன்று இருத்தலும் கூடும். பகிர்ந்துகொண்ட விடையாற் பாதிக்கப்படுபவர் அவ்வறையில் இல்லாத மூன்றாமவர். இது பல்கலைக்கழக அனுமதியிலே தெளிவாகப் புலப்படும். இலங்கையில் அனுமதிக்குரிய இடங்களிற் பெரும் பகுதி மாவட்ட அடிப்படையிற் பகிரப்படுகின்றது. 40 வீதம் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என அது வகுக்கப்பட்டுள்ளது. நுவரெலியா அப்பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. மாவட்டத்துக்குரிய இடங்கள் எண்ணப்பட்டவையாதலின், உயர்தரப் பரீட்சையில் டயகம மாணவர் ஒருவர் தமதல்லாத விடையால் ஏறும்போது இறங்குபவர் கொழும்பு மாணவரல்லர். மஸ்கெலியாவிலோ பொகவந்தலாவையிலோ, அதே லயத்து விளக்கின்கீழ்ப் படித்த ஒருவரே இறங்குகின்றார். குறைந்தவருக்குக் கொடுத்தல் என்னும் அறம், தன்னை அறியாமலே மற்றொரு குறைந்தவரிடமிருந்து பறித்தலாக அங்கு மாறிவிடுகின்றது. 2024ஆம் ஆண்டு ஜனவரியில் நடைபெற்ற உயர்தரப் பரீட்சையில் விவசாய விஞ்ஞான வினாக்கள் முன்கூட்டியே வெளியானமையால் அப்பாடப் பரீட்சை இரத்துச் செய்யப்பட்டது. ஒரு தவறும் செய்யாத மாணவரும் மீண்டும் எழுத வேண்டியவராயினர். முகமறியாதவர் மீது சுமை விழும் முறைக்கு அது ஒரு சான்று.

இக்காரணம் வலியது. எனினும் அதனை அவ்விரவிலே தோழியிடம் விரித்துரைத்தல் மீண்டும் உபதேசமாகவே முடியும். மறுப்பதற்குரிய காரணம் வேறு, மறுக்கும் சொல் வேறு என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. காரணம் முழுவதும் உள்ளத்தில் நின்று மறுப்பை உறுதிப்படுத்தலாம். அது முழுவதும் வாயால் வரவேண்டும் என்னும் நியதி இல்லை. தோழி பிறிதொரு நாள், தன் வேலை முடிந்து மனம் ஆறியபின் தானே வினவினால், அப்போது அது இருவர் கூடிச் சிந்திக்கும் பொருளாகும்.

மறுத்தபின் செய்வதே மறுப்பின் தன்மையை நிலைநாட்டுவதாகும். தோட்டத்து வழக்கம் பகிர்தலைக் கேட்கிறது. தாளைப் பகிர முடியாதாயின் நேரத்தைப் பகிரலாம். முதலாமவள் தோழியிடம் வினாக்களைத் தொடுக்கிறாள். "ஒங்க அம்மா ஒரு நாளைக்கு எத்தன கிலோ எடுப்பாங்க? இந்தக் கெழம யாரு நின்னா?" மற்றவள் ஒரு கிழமை ஊரில் இருந்தவள். தாய் காய்ச்சலுடன் மலைக்குப் போய் 11 கிலோவுடன் திரும்பிய நாளும், அன்று அரைப்பேர் விழுந்ததும், சித்தி தாய்க்காக மருந்தகத்துக்கு நடந்ததும் அவளுக்குத் தெரியும். ஒப்படைக்கு வேண்டிய களம் அவள் கண்முன்னேயே இருந்திருக்கிறது. அதனைக் களமென்று அவள் கருதியிருக்கவில்லை. அரை மணித்தியாலத்தில் ஏழெட்டு வரிக் குறிப்புத் தயாராகும். விரிவுரைக் குறிப்பையும், நூலகத்திலிருந்து பெற்ற நூலையும், முன்னைய ஆண்டு வினாத்தாளையும் இரவல் கொடுத்தலில் தடையில்லை, அவை கற்பதற்குரியவை. வாக்கியம் அமையும்போது மட்டும் முதலாமவளின் கை விலகி நிற்க வேண்டும். அவள் ஒரு வாக்கியத்தைச் சொல்ல மற்றவள் அதனை எழுதத் தொடங்கினால், மறுத்ததையே வேறு வாயிலாற் கொடுத்ததாகிவிடும். உதவி எல்லை கடந்ததா என்பதை அறிய எளிய வழியொன்று உண்டு: எழுதியவள் தாளை மூடிவைத்துவிட்டு அதிலுள்ளதைத் தன் சொல்லால் விளக்க முடியுமாயின், அது அவளுடையது.

பதினொரு மணிக்கு ஆறு பக்கத்துக்குப் பதிலாக நாலு பக்கமே முடிந்திருக்கலாம். புள்ளி குறையலாம். அன்றேல், மறுநாட்காலை விரிவுரையாளரிடம் தாயின் நோயைக் கூறித் தவணை கேட்பதே தக்க வழியாகலாம். அதற்குத் துணையாக உடன் செல்வதும் மறுத்தவளின் பங்காகும். தவணை கிடைக்குமென்பதற்கு உறுதி இல்லை. தோழி கோபித்து இரண்டொரு நாள் பேசாதிருத்தலும் கூடும். மறுப்பு முழுமையும் நோவின்றி அமைய வேண்டுமென எதிர்பார்ப்பவரே இறுதியிற் பொய்க்காரணத்தை நாடுவர். நோவைத் தவிர்க்க இயலாதாயினும் அவமானத்தைத் தவிர்க்க இயலும். அதற்கு இன்றியமையாதது மௌனம். அவள் கேட்டாள், இவள் மறுத்தாள் என்பது மூன்றாமவர் செவிக்குச் செல்லுதல் ஆகாது. வெளியிடப்பட்ட மறுப்பு, சொல்லப்படாத உபதேசத்தினும் கொடியது.

இவ்வழிக்கு எல்லைகளும் உண்டு. கேட்பவர் சமநிலையில் உள்ள தோழரல்லாது, அச்சுறுத்தவல்ல மூத்த மாணவராயின் தனித்து நின்று மென்மையாக மறுத்தல் போதாது. பொறுப்புடைய ஆசிரியர் ஒருவரை நாடுதல் வேண்டும். ஒருவருக்கொருவர் கேட்டல் என்னும் நிலை கடந்து, வினாத்தாளை விற்கும் ஒழுங்கு ஒன்று தெரியவரின், மௌனம் நட்பாகாது; அது முகமறியாத மூன்றாமவருக்குச் செய்யும் தீங்காகும். ஒருவரே ஒப்படைதோறும் வந்து கேட்பாராயின், வள்ளுவர் கூறிய இடித்துரைத்தலுக்கு உரிய வேளை அணுகிவிட்டது எனலாம். அப்போதும் அது, கேட்கப்படும் இரவில் அன்றி வேறொரு பகலில், இருவர் மட்டும் இருக்குமிடத்து நிகழ்தல் தகும்.

தன் விடையைக் காப்பதற்குத் தோழியின் மதிப்பை விலையாகக் கொடுக்க வேண்டியதில்லை. 'இல்லை' என்பது ஒரு தாளைப் பற்றிய சொல். அதனை ஓர் ஆளைப் பற்றிய தீர்ப்பாக மாற்றாதிருத்தலே அச்சொல்லை உரைப்பவரின் பொறுப்பாகும்.